நான்காவதாக வந்த குதிரைக்கு ஏன் பணமில்லை: ஈச்-வே பந்தயத்தின் கணக்கு

பிரிட்டனில் ஒரு ஹேண்டிகேப், அதாவது திறமைக்கேற்பக் குதிரைகள் சுமக்கும் எடையைக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றின் வாய்ப்பையும் நெருக்கமாக்கும் குதிரைப் பந்தயம். காலையில் வெளியான பட்டியலில் 16 குதிரைகள் இருந்தன. ஒருவர் 12/1 ஆட்ஸில் ஒரு குதிரையின் மேல் "10 பவுண்டு ஈச்-வே" என்று கட்டுகிறார். 16 குதிரைகள் ஓடினால் முதல் நான்கு இடங்களுக்கும் பணம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். பிற்பகலில் அவருடைய குதிரை நான்காவதாக வந்து சேர்கிறது. 40 பவுண்டு கைக்கு வரும் என்று சீட்டை நீட்டுகிறார், எதுவும் வரவில்லை. நடுப்பகலில் ஒரு குதிரை விலக்கிக்கொள்ளப்பட்டதால் ஓடியவை 15 மட்டுமே என்பதும், 15 குதிரைகள் ஓடும் ஹேண்டிகேப்பில் மூன்று இடங்களுக்குத்தான் பணம் என்பதும் அவர் கவனிக்காமல் போன செய்திகள். பந்தயப் பணத்தை வாங்கிக்கொண்ட புக்மேக்கர் அவரை ஏமாற்றவில்லை. ஈச்-வே பந்தயம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் இந்த முடிவு தவிர்க்க முடியாதது என்பது விளங்கும்.

முதலில் தெளிவாக வேண்டியது, ஈச்-வே என்பது ஒரு பந்தயம் அன்று, ஒரே சீட்டில் எழுதப்பட்ட இரண்டு பந்தயங்கள் என்பதுதான். ஒரு பாதி "வின்", அதாவது குதிரை முதலாவதாக வரும் என்பதற்கானது. மறு பாதி "பிளேஸ்", அதாவது அறிவிக்கப்பட்ட இடங்களுக்குள் அது வரும் என்பதற்கானது. இரண்டுக்கும் ஒரே தொகை கட்டப்படுகிறது. ஆகவே "10 பவுண்டு ஈச்-வே" என்று சொன்னால் கையிலிருந்து போவது 20 பவுண்டு. புதியவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்: சீட்டில் 10 என்று எழுதிவிட்டு, கணக்கில் 20 கழிந்திருப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். மொத்தம் 10 பவுண்டுதான் செலவழிக்க விருப்பமென்றால் "5 பவுண்டு ஈச்-வே" என்றுதான் எழுத வேண்டும்.

இரண்டு பந்தயங்கள் என்பதால் முடிவும் தனித்தனியே தீர்க்கப்படுகிறது. குதிரை வென்றால் அது பிளேஸ் இடங்களுக்குள்ளும் வந்துவிட்டது என்றே பொருள். எனவே இரண்டு பாதிகளுக்கும் பணம் கிடைக்கும். வெல்லாமல் இடங்களுக்குள் வந்தால் வின் பாதியில் கட்டியது போய்விடும், பிளேஸ் பாதி மட்டும் திரும்பும். இடங்களுக்குள் வராவிட்டால் இரண்டும் போகும். வெற்றி பெற்ற குதிரைக்கு வின் பாதியை மட்டும் கணக்கிட்டுவிட்டு, பிளேஸ் பாதியை மறந்துவிடுவோர் பலர். கைக்கு வர வேண்டியதைக் குறைத்து எதிர்பார்ப்பது அதன் விளைவு.

இனி ஆட்ஸைப் பார்ப்போம். பிரிட்டனில் இன்றும் பின்ன வடிவில் எழுதுவதே பரவலான வழக்கம். 12/1 என்பதைத் தமிழில் "ஒன்றுக்குப் பன்னிரண்டு" என்று சொல்வோம். எழுத்தில் வரிசை தலைகீழாக இருந்தாலும் பொருள் அதுவே: கட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் 12 பவுண்டு லாபம், அதோடு கட்டிய பவுண்டும் திரும்பி வரும். 9/2 என்றால் கட்டிய இரண்டு பவுண்டுக்கு ஒன்பது பவுண்டு லாபம். பின்னம் எப்போதும் லாபத்தை மட்டுமே சொல்கிறது. கட்டிய பணம் அதில் அடங்காது. இந்தச் சிறு வேறுபாடு பிளேஸ் பாதியைக் கணக்கிடும்போது பெரிதாகிவிடும்.

ஏனெனில் பிளேஸ் பாதிக்குத் தனி ஆட்ஸ் கிடையாது. வின் ஆட்ஸின் ஒரு பங்கு, பெரும்பாலும் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ, பிளேஸ் ஆட்ஸாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 12/1 இன் நான்கில் ஒரு பங்கு 3/1; ஐந்தில் ஒரு பங்கு 12/5. பங்கிடப்படுவது லாபம் மட்டுமே. கட்டிய பணம் முழுதாகத் திரும்பும். தசம ஆட்ஸுக்குப் பழகியவர்கள் இங்கேதான் தவறுவார்கள். 12/1 என்பது தசமத்தில் 13.00. அதை நேரே நான்கால் வகுத்தால் 3.25 என்று வரும், அது தவறு. முதலில் கட்டிய பணத்திற்கான 1 ஐக் கழித்து, மீதி 12 ஐ நான்கால் வகுத்து, பிறகு அந்த 1 ஐத் திரும்பக் கூட்டினால் 4.00 கிடைக்கும். அதுவே சரியான விடை.

சீட்டுக்காரரின் பந்தயத்தில் 16 குதிரைகளும் ஓடியிருந்தால் கணக்கு இப்படி அமைந்திருக்கும். குதிரை வென்றிருந்தால் வின் பாதியில் 120 பவுண்டு லாபமும் கட்டிய 10 பவுண்டும் சேர்ந்து 130. பிளேஸ் பாதியில் 3/1 கணக்கில் 30 பவுண்டு லாபமும் கட்டிய 10 பவுண்டும் சேர்ந்து 40. மொத்தம் கைக்கு வருவது 170 பவுண்டு. கட்டிய 20 ஐக் கழித்தால் நிகர லாபம் 150. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய இடங்களில் எதில் வந்திருந்தாலும் 40 பவுண்டு. நிகர லாபம் 20. இரண்டாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் தொகையில் வேறுபாடு இல்லை.

இங்கே ஒரு எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நான்கில் ஒரு பங்கு தரும் பந்தயத்தில் 4/1 ஆட்ஸ் உள்ள குதிரை வெல்லாமல் இடத்துக்குள் வந்தால், பிளேஸ் ஆட்ஸ் 1/1 ஆகிறது. 10 பவுண்டுக்கு 20 திரும்புகிறது. வின் பாதியில் இழந்த 10 ஐ அது சரிக்கட்டிவிடுகிறது. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு என்றால் அந்தக் கோடு 5/1 இல் இருக்கிறது. அதற்குக் குறைந்த ஆட்ஸில் ஈச்-வே கட்டினால், குதிரை "இடத்துக்குள் வந்தது" என்று மகிழ்ந்தாலும் கையில் வருவது மொத்தம் கட்டியதைவிடக் குறைவாகவே இருக்கும். 2/1 குதிரை ஒன்றை ஐந்தில் ஒரு பங்குக்கு ஈச்-வே கட்டுவோரை நான் புரிந்துகொள்ள முடிந்ததே இல்லை: இடத்துக்குள் வந்தால் 20 பவுண்டுக்குத் திரும்புவது 14.

எத்தனை இடங்கள், எந்தப் பங்கு என்பதைத் தீர்மானிப்பது ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையும் பந்தயத்தின் வகையும் ஆகும். பிரிட்டனின் வழக்கமான விதிப்படி நான்கு அல்லது அதற்குக் குறைவான குதிரைகள் ஓடினால் வின் மட்டுமே. ஐந்து முதல் ஏழு வரை ஓடினால் முதல் இரண்டு இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கு. எட்டும் அதற்கு மேலும் என்றால் முதல் மூன்று இடங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஹேண்டிகேப் இதிலிருந்து சற்று விலகுகிறது: அதில் 12 முதல் 15 வரை ஓடினால் மூன்று இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கும், 16 அல்லது அதற்கு மேல் ஓடினால் நான்கு இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கும் தரப்படுகின்றன.

பந்தய நாளில் கட்டப்படும் பணத்துக்கு, அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. புறப்பாட்டு அதிகாரியின் கட்டுப்பாட்டுக்குள் வந்து உண்மையில் பந்தயத்தில் இறங்கிய குதிரைகளின் எண்ணிக்கையையே பார்ப்பார்கள். நம் சீட்டுக்காரர் இழந்தது அதனால்தான். இதே விபத்து எட்டுக் குதிரைப் பந்தயங்களில் அடிக்கடி நேர்கிறது. சரியாக எட்டுக் குதிரைகள் பதிவாகியிருக்கும்போது ஒன்று விலகினால், மூன்று இடங்கள் இரண்டாகச் சுருங்குகின்றன. பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக உயர்ந்தாலும், மூன்றாவதாக வந்த குதிரையை வைத்திருப்பவருக்கு அந்த உயர்வால் பயனில்லை. எனவே பட்டியலில் சரியாக 8 அல்லது 16 என்று நிற்கும் பந்தயங்களில், பந்தயம் தொடங்கும் நேரம் நெருங்கும்வரை விலகல்களைக் கவனித்திருப்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

இந்த எண்ணிக்கைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு சோதனைக் கணக்கால் காட்டலாம். எல்லாக் குதிரைகளுக்கும் சமமான வாய்ப்பு இருக்கிறது என்றும், புக்மேக்கர் தமக்கென எதுவும் எடுத்துக்கொள்ளாமல் நியாயமான வின் ஆட்ஸ் தருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் இரண்டும் நடப்பதில்லை. ஆனால் விதியின் உள்ளமைப்பு இதில் தெளிவாகத் தெரியும். ஏழு குதிரைகள் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான ஆட்ஸ் 6/1. பிளேஸ் ஆட்ஸ் அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 3/2. இடத்துக்குள் வரும் வாய்ப்பு ஏழில் இரண்டு. 10 பவுண்டு பிளேஸ் பாதிக்குச் சராசரியாகத் திரும்புவது 7.14 பவுண்டு. எட்டுக் குதிரைகள் என்றால் 9 பவுண்டு. பதினைந்து குதிரை ஹேண்டிகேப்பிலும் 9 பவுண்டுதான். பதினாறாவது குதிரை வந்து சேர்ந்ததும் ஆட்ஸ் 15/1, பிளேஸ் ஆட்ஸ் 15/4, வாய்ப்பு நான்கில் ஒன்று. சராசரியாகத் திரும்புவது 11.88 பவுண்டு.

ஒரே ஒரு குதிரை கூடியதும் பிளேஸ் பாதி நட்டத்திலிருந்து லாபத்துக்குத் தாவுகிறது. விதி படிக்கட்டைப் போலத் தாவித் தாவி மாறுகிறது. வாய்ப்போ சரிவைப் போல மெல்ல மாறுகிறது. இரண்டும் பொருந்தாத இடங்களில்தான் ஈச்-வேயின் நன்மையும் தீமையும் ஒளிந்திருக்கின்றன. ஏழு குதிரைப் பந்தயத்தில் பிளேஸ் பாதி மிக மோசமான பேரம் என்பதும், நிறையக் குதிரைகள் ஓடும் ஹேண்டிகேப்பில் அது நல்ல பேரம் என்பதும் இதிலிருந்து வருகின்றன.

நடைமுறையில் புக்மேக்கர் வின் ஆட்ஸைக் குறைத்தே தருவார். மேற்சொன்ன 16 குதிரைகளுக்கும் 15/1 தராமல் 12/1 தருகிறார் என்று கொள்வோம். வின் பாதியில் 10 பவுண்டுக்குச் சராசரியாகத் திரும்புவது 8.13 பவுண்டு; பிளேஸ் பாதியில் திரும்புவது சரியாக 10 பவுண்டு. நட்டம் முழுவதும் வின் பாதியில் உட்கார்ந்திருக்கிறது. புக்மேக்கர் பிளேஸ் பாதியை மட்டும் இந்த விதிகளில் விற்காமல், வின் பாதியோடு சேர்த்தே விற்பதற்கான காரணம் இங்கே புலப்படும். பிளேஸுக்கு மட்டும் கட்ட விரும்புவோருக்கு டோட் போன்ற தனி ஏற்பாடுகள் உண்டு. ஆனால் அங்கே திரும்பும் தொகை, கட்டப்பட்ட பணத்தின் கூட்டு நிதியைப் பொறுத்தது, இந்தப் பின்னங்களைப் பொறுத்தது அன்று.

வலுவான அபிமானக் குதிரை ஒன்று இருக்கும் எட்டுக் குதிரைப் பந்தயம் இன்னும் சுவையானது. வெல்லும் வாய்ப்பில் நூற்றுக்கு அறுபதை அந்த ஒரு குதிரையே எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஏழு குதிரைகளும் நாற்பதைப் பகிர்ந்துகொள்வதால் அவற்றின் வின் ஆட்ஸ் நீண்டுபோகிறது. ஒவ்வொன்றுக்கும் 14/1 என்று கொள்ளலாம். பிளேஸ் ஆட்ஸ் ஐந்தில் ஒரு பங்காக 14/5. ஆனால் அந்த அபிமானக் குதிரை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் மூன்று இடங்களில் ஒன்றைத்தான் அடைக்க முடியும். மற்ற இரண்டு இடங்கள் அந்த ஏழு குதிரைகளுக்குள்தான் போக வேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் இடத்துக்குள் வரும் வாய்ப்பு குறைந்தது ஏழில் இரண்டு. 10 பவுண்டு பிளேஸ் பாதி சராசரியாக 10.86 பவுண்டாகத் திரும்புகிறது. அபிமானக் குதிரையின் பலம் வின் ஆட்ஸை நீட்டுகிறது. பிளேஸ் ஆட்ஸ் அந்த நீட்டலை அப்படியே கடன் வாங்கிக்கொள்கிறது. ஆனால் பிளேஸ் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. இத்தகைய பந்தயங்களில் ஈச்-வே கட்டுவதையே தொழிலாக வைத்திருப்போரின் கணக்குகளை புக்மேக்கர்கள் கட்டுப்படுத்துவதன் பின்னணி இதுவே.

குதிரை விலகினால் இடங்கள் குறைவது ஒரு விளைவு. திரும்பும் தொகையும் குறையலாம் என்பது இன்னொன்று. டாட்டர்சால்ஸ் குழுவின் விதிகளில் நான்காவது, "ரூல் 4" என்ற பெயரிலேயே அறியப்படுவது, இதற்குப் பொருந்தும். விலகிய குதிரையின் ஆட்ஸைப் பொறுத்து, மற்றவர்களின் லாபத்தில் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று பிடித்தம் செய்யப்படும். விலகியது 6/1 முதல் 9/1 வரையிலான குதிரை என்றால் பவுண்டுக்கு 10 பென்ஸ். 5/2 முதல் 3/1 வரை என்றால் 25 பென்ஸ். 14/1 ஐத் தாண்டியது என்றால் பிடித்தமே இல்லை. நம் சீட்டுக்காரரின் பந்தயத்தில் விலகியது 8/1 குதிரை என்றும், அவருடைய குதிரை நான்காவதாக அல்லாமல் முதலாவதாக வந்தது என்றும் கொண்டால், வின் லாபம் 120 இலிருந்து 108 ஆகிறது. பிளேஸ் லாபம் 30 இலிருந்து 27 ஆகிறது. பிடித்தம் லாபத்துக்கு மட்டுமே என்பதால் கட்டிய பணம் முழுதாக வரும்: 118 உம் 37 உம் சேர்ந்து 155 பவுண்டு. பல நாட்களுக்கு முன்பே கட்டும் முன்கூட்டிய பந்தயங்களில் நிலைமை வேறு. அங்கே பொதுவாக இந்தப் பிடித்தம் கிடையாது. அதற்கு ஈடாக, தன் குதிரையே ஓடாமல் போனால் இரண்டு பாதிகளும் போய்விடும்.

மற்றொரு சிக்கல் டெட் ஹீட், அதாவது இரண்டு குதிரைகளைப் பிரிக்க முடியாமல் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வது. அப்போது குறைக்கப்படுவது கட்டிய பணம். ஆட்ஸ் அப்படியே நிற்கும். 16 குதிரைகளும் ஓடி, நம்முடைய குதிரை நான்காவது இடத்தை இன்னொன்றோடு பகிர்ந்துகொண்டது என்று கொள்வோம். மீதமிருக்கும் ஓர் இடத்துக்கு இரண்டு குதிரைகள் உரிமை கோருவதால் பிளேஸ் பாதியின் 10 பவுண்டில் 5 மட்டுமே 3/1 ஆட்ஸில் கணக்கிடப்படும். மற்ற 5 இழப்பு. கைக்கு வருவது 20 பவுண்டு, அதாவது மொத்தம் கட்டியது அப்படியே திரும்பியது. முதலிடத்தைப் பகிர்ந்திருந்தால் வின் பாதியில் 5 பவுண்டுக்கு 12/1 கணக்கில் 65 வரும். பிளேஸ் பாதிக்குச் சேதமில்லை, ஏனென்றால் இரண்டு குதிரைகளும் நான்கு இடங்களுக்குள்ளேயே இருக்கின்றன. மொத்தம் 105 பவுண்டு. கடைசி இடத்தைப் பகிர்ந்தால் மட்டுமே பிளேஸ் பாதி வெட்டுப்படும் என்பதை நினைவில் வைத்தால் போதும். கோல்ஃப் போட்டிகளில் ஈச்-வே கட்டுவோர் இதை நன்கு அறிவார்கள். அங்கே கடைசி இடத்தைப் பலர் பகிர்ந்துகொள்வது அன்றாடம்.

பெரிய பந்தயங்களில் புக்மேக்கர்கள் போட்டி போட்டுக்கொண்டு கூடுதல் இடங்களை அறிவிப்பார்கள். 2024 முதல் 34 குதிரைகளுக்கு மேல் ஓட முடியாத கிராண்ட் நேஷனலில் இந்தப் போட்டி உச்சத்தில் இருக்கும். இத்தகைய அறிவிப்புகளில் எழுத்து பெரிதாக இருப்பது இடங்களின் எண்ணிக்கைக்கு. பங்கு நான்கில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருப்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். குறைந்திருப்பதாலேயே அது மோசமான பேரம் ஆகிவிடாது. சமவாய்ப்புள்ள 16 குதிரைப் பந்தயத்தில் 12/1 ஆட்ஸுக்கு, நான்கு இடங்களும் நான்கில் ஒரு பங்கும் 10 பவுண்டு பிளேஸ் பாதியைச் சராசரியாக 10 பவுண்டாகவே திருப்பித் தருகின்றன. ஐந்து இடங்களும் ஐந்தில் ஒரு பங்கும் என்றால் குதிரை இடத்துக்குள் வரும்போது கிடைப்பது 40 இலிருந்து 34 ஆகக் குறையும். ஆனால் வாய்ப்பு பதினாறில் நான்கிலிருந்து பதினாறில் ஐந்தாக உயர்வதால் சராசரி 10.63 பவுண்டு ஆகிறது. ஆறு இடங்கள் என்றால் 12.75.

ஆனால் கூடுதல் இடம் தரும் புக்மேக்கர் அதே குதிரைக்கு 12/1 க்குப் பதில் 10/1 தருகிறார் என்றால் கணக்கு மாறிவிடும். ஐந்து இடங்கள், ஐந்தில் ஒரு பங்கு, 10/1: பிளேஸ் ஆட்ஸ் 2/1, இடத்துக்குள் வந்தால் 30 பவுண்டு, சராசரி 9.38. வின் பாதியும் 8.13 இலிருந்து 6.88 ஆகச் சரிகிறது. ஐந்தாவது இடத்துக்கான விலையை இரண்டு பாதிகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார் என்பதே அதன் பொருள். அந்த நிலையில் பக்கத்துக் கடையின் நான்கு இடங்களும் 12/1 உம் மேலானவை.